ரினிவல் ஃபாரம் கேட்பது எந்த வருஷம்?

கல்லூரியில் ஸ்காலர்ஷிப் ஒருமுறை கிடைத்துவிட்டால் மூன்று வருஷமும் தானாக வரும் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். அப்படி வராது. ஒவ்வொரு வருஷமும் புதுப்பித்தாக வேண்டும். பல திட்டங்களில் அப்போது மூன்று தாள்கள் கேட்பார்கள்: முந்தைய ஆண்டு மதிப்பெண், வருகைச் சான்று, புதிய வருமான விவரம். மூன்றும் சரியான ஆண்டைக் காட்டாததுதான் பல விண்ணப்பங்கள் திரும்பி வரக் காரணம்.

மூன்றாம் ஆண்டு பி.காம். சேர்ந்திருக்கும் ஒரு மாணவியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஓர் அறக்கட்டளை உதவித்தொகையைப் புதுப்பிக்கிறாள். 50 சதவீத மதிப்பெண், 75 சதவீத வருகை, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் என்பது நிபந்தனை. மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகைத் திட்டத்திலும் புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும்.

முதலில் மதிப்பெண். முந்தைய ஆண்டு என்றால் அவளுக்கு மூன்றாம், நான்காம் செமஸ்டர் இரண்டும் சேர்ந்தது. மூன்றாவதில் 600-க்கு 372, நான்காவதில் 351. மொத்தம் 1200-க்கு 723, அதாவது 60.25 சதவீதம். கையில் இருக்கும் கடைசி மார்க் ஷீட்டை மட்டும் பார்த்தால் 58.5 என்று எழுதிவிடுவாள். சரிபார்ப்பவர் இரண்டு தாளையும் கூட்டும்போது கணக்கு உதைக்கும். சிலர் சதவீதக் கட்டத்தில் சி.ஜி.பி.ஏ.வை அப்படியே போட்டுவிடுகிறார்கள், 6.8 என்றிருந்தால் கணினி அதை 6.8 சதவீதமாகத்தான் எடுத்துக்கொள்ளும். உங்கள் பல்கலைக்கழகம் சொல்லும் முறைப்படி சதவீதமாக மாற்றி எழுதுங்கள்.

வருகைச் சான்றிலும் இதே சிக்கல்தான், ஆனால் விளைவு பெரியது. மூன்றாம் செமஸ்டரில் 88 வேலை நாட்களில் 70 நாள் வந்தாள். நான்காவதில் அம்மை போட்டதால் 86-இல் 63 நாள்தான். அலுவலகத்தில் நான்காம் செமஸ்டருக்கு மட்டும் சான்று கொடுத்தால் 73.26 சதவீதம், விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். ஆண்டு முழுவதும் பார்த்தால் 174-க்கு 133, அதாவது 76.4 சதவீதம், தப்பிவிடுவாள். நிபந்தனை ஆண்டு வருகையைக் கேட்டால், 'இரண்டு செமஸ்டருக்கும் சேர்த்து, வேலை நாட்களும் வந்த நாட்களும் போட்டுக் கொடுங்கள்' என்று கேட்டு வாங்க வேண்டும்.

இங்கே இன்னொன்றும் உண்டு. வருகை குறைந்தவர்கள் கல்லூரியில் கண்டோனேஷன் கட்டணம் கட்டித் தேர்வு எழுதியிருப்பார்கள். அது தேர்வு எழுதக் கிடைத்த அனுமதிதான். சான்றில் உண்மையான சதவீதமே வரும்.

வருமானத்துக்குத்தான் நாள் பிடிக்கும். மதிப்பெண்ணும் வருகையும் கல்லூரி ஆண்டைப் பின்பற்றுகின்றன. வருமானமோ பெரும்பாலும் ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டு. இவளுடைய அப்பா கொத்தனார். நாளுக்கு 900 ரூபாய், மாதம் சராசரியாக 15 நாள் வேலை என்றால் வருஷத்துக்கு 1,62,000. அம்மா தையலில் மாதம் 4,000, வருஷத்துக்கு 48,000. மொத்தம் 2,10,000. போன வருஷச் சான்றில் 1,80,000 என்றிருந்ததால் அதையே எழுதுவோம் என்று வீட்டில் சொல்லலாம். எழுதக் கூடாது. உண்மைத் தொகையே வரம்புக்குள் இருக்கும்போது பழைய தொகையை எழுதி எதற்கு வம்பு? புதுச் சான்றும் ஃபாரமும் ஒத்துப்போகாவிட்டால் சந்தேகம்தான் வரும்.

அண்ணன் வேலைக்குப் போனால் அவர் சம்பளத்தையும் சேர்க்க வேண்டுமா? பட்டியலின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில், திருமணமாகாத மாணவருக்கு, தாய் தந்தையில் ஒருவர் இருந்தாலும் பெற்றோர் வருமானத்தை மட்டுமே பார்ப்பார்கள். 'குடும்ப வருமானம்' என்று கேட்கும் தனியார் அறக்கட்டளையில் அண்ணன் சம்பளமும் சேரலாம். விதியைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

சில திட்டங்களில் சுய உறுதிமொழி போதும். வருமானச் சான்றே கேட்டால், தமிழ்நாட்டில் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகம் போய் வர வேண்டியிருப்பதால், ரிசல்ட் வரும்வரை காத்திருக்காமல் இதை முதலில் போட்டுவிடுவதே நல்லது.

ஆன்லைனில் அனுப்பியதோடு வேலை முடிந்துவிடாது. தேசிய உதவித்தொகைத் தளத்தில் கல்லூரி சரிபார்த்தால்தான் விண்ணப்பம் மேலே போகும். 'Defective' என்று காட்டினால் திருத்தி மறுபடி அனுப்பலாம், ஆனால் கடைசித் தேதிக்குள். அதனால் அனுப்பிய பிறகு வாரம் ஒருமுறை நிலவரத்தைப் பாருங்கள். கல்லூரி நிலையிலேயே நின்றால், ஸ்காலர்ஷிப் பிரிவு எழுத்தரை நேரில் போய்ப் பாருங்கள்.