காகம் உட்காரப் பனம்பழம் விழுந்தால்...

சென்ற பருவத்தில் எங்கள் புள்ளியியல் வகுப்புத் தேர்வில் ஒரு சிறு வினா வந்தது. "ஓர் ஆய்வில் பி-மதிப்பு 0.03 எனக் கிடைத்துள்ளது. இதன் பொருளைக் கூறுக" என்பதே அது. இரண்டு மதிப்பெண். எளிய வினாதானே என்று எண்ணி நான் இவ்வாறு எழுதினேன்: "இன்மைக் கருதுகோள் உண்மையாக இருப்பதற்கு நூற்றில் மூன்று பங்கு வாய்ப்பே உள்ளது. ஆகவே அது பொய் என்பது 97 சதவீதம் உறுதி."

விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்த விடையைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டமும், அருகில் ஒரு பெரிய சுழியமும் இருந்தன. வகுப்பில் பாதிப் பேருக்கு அதே சுழியம். நான் பேராசிரியரிடம் சென்று, "சார், சொல்லைத்தானே கொஞ்சம் மாற்றி எழுதியிருக்கிறேன், கருத்து ஒன்றுதானே?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "தம்பி, நீ மாற்றியது சொல்லை அல்ல, திசையை. இப்படித் திசை மாறிய ஓர் எண் நீதிமன்றம் ஏறியிருக்கிறது. லூசியா டி பெர்க் வழக்கைப் படித்துவிட்டு வா" என்றார். படித்தேன். அதனையே இங்கு நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

வழக்கு

நெதர்லாந்து நாட்டின் தி ஹேக் நகரில் ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனை என்று ஒன்று இருந்தது. அங்கே செவிலியாகப் பணியாற்றியவர் லூசியா டி பெர்க். 2001 செப்டம்பர் 4ஆம் நாள், அவர் பணியில் இருந்தபோது ஒரு குழந்தை இறந்தது. உடனே ஐயம் எழுந்தது. "இதற்கு முன்னும் இவர் பணியில் இருக்கும்போது பல சம்பவங்கள் நடந்தனவே!" என்று பழைய ஏடுகளைப் புரட்டினார்கள். அவ்வாண்டு டிசம்பரில் லூசியா கைது செய்யப்பட்டார். 2003 மார்ச்சில் நான்கு கொலைகளும் மூன்று கொலை முயற்சிகளும் செய்தார் எனத் தீர்ப்பளித்து, அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தார்கள்.

அந்த விசாரணையில் ஓர் எண் எல்லோரையும் மலைக்க வைத்தது. இத்தனை சம்பவங்களின்போதும் ஒரு செவிலி தற்செயலாகப் பணியில் இருந்திருக்க வாய்ப்பு 34 கோடியே 20 லட்சத்தில் ஒன்று! இதைக் கேட்ட எவரும் என்ன நினைப்பார்? "அப்படியானால் அவர் குற்றமற்றவராக இருக்க 34 கோடியில் ஒரு வாய்ப்புத்தான்" என்றே நினைப்பார். நான் தேர்வில் எழுதியதும் இதே விடைதான்.

கணக்கு எப்படிப் போடப்பட்டது?

ஒரு துணிப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் மருத்துவமனையின் அந்த வார்டில், கணக்கில் எடுத்துக்கொண்ட காலத்தில் மொத்தம் 1029 ஷிப்டுகள். ஒவ்வொரு ஷிப்டுக்கும் ஒரு சீட்டு எழுதிப் பையில் போடுகிறோம். லூசியா பணியாற்றிய 142 ஷிப்டுகளின் சீட்டுகள் சிவப்பு. மற்ற 887 சீட்டுகளும் வெள்ளை. சம்பவம் நிகழ்ந்த ஷிப்டுகள் என்று அறிவிக்கப்பட்டவை 8. இந்த எட்டும் சிவப்பே.

பையை நன்றாகக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு எட்டுச் சீட்டுகள் எடுத்தால் எட்டும் சிவப்பாக வர வாய்ப்பு என்ன? முதற் சீட்டு சிவப்பாக வர 142/1029. அடுத்ததற்கு 141/1028. இவ்வாறு எட்டாவது சீட்டின் 135/1022 வரை பெருக்க வேண்டும். நம் வகுப்பில் எவரும் போடக்கூடிய கணக்குத்தான். ஏறக்குறைய 90 லட்சத்தில் ஒன்று என விடை வரும். அந்த வார்டின் 27 செவிலியரில் எவர்மீதும் இவ்வாறு ஐயம் விழுந்திருக்கலாம் என்பதால், கணக்கிட்டவர் இதை 27ஆல் பெருக்கினார். அது சரியான எச்சரிக்கையே. பின்பு, லூசியா முன்பு வேலை பார்த்த இன்னொரு மருத்துவமனையின் இரண்டு வார்டுகளுக்கும் இதுபோலவே பி-மதிப்புக் கண்டு, மூன்றையும் ஒன்றோடொன்று பெருக்கினார். அப்படிப் பிறந்ததே அந்தப் பெரிய எண்.

பெருக்கலில் ஒரு பிழை

மூன்று பி-மதிப்புகளைப் பெருக்கி வருவது பி-மதிப்பு ஆகாது. ஏன் என்பதை ஓர் எளிய எடுத்துக்காட்டால் காணலாம். ஐயத்திற்கே இடமில்லாத ஒரு செவிலி பத்து வார்டுகளில் மாறி மாறிப் பணியாற்றியிருக்கிறார் என்று கொள்வோம். ஒவ்வொரு வார்டிலும் பி-மதிப்பு 1/2. அதாவது, வியக்க ஒன்றுமே இல்லை. பத்தையும் பெருக்குங்கள்: 1/1024 வருகிறது! ஒன்றைவிடச் சிறிய எண்களைப் பெருக்கப் பெருக்க விடை சிறுத்துக்கொண்டே போகும். அடிக்கடி இடம் மாறும் செவிலி ஒவ்வொருவரும், இடம் மாறிய ஒரே காரணத்தால் கொலைகாரியாகத் தோன்றுவார். பல பி-மதிப்புகளை இணைப்பதற்கு ஃபிஷர் வகுத்த தனி முறை உண்டு. அதில் பெருக்கிய பிறகு, எத்தனை மதிப்புகளைப் பெருக்கினோம் என்பதற்கு ஏற்ப விடையைத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தம் இங்கே இல்லை.

சீட்டுக்குச் சாயம் பூசியது யார்?

இதைவிடப் பெரிய பிழை பைக்குள்ளேயே இருந்தது. நம் கணக்கு, எட்டுச் சீட்டுகளையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்ததாக அல்லவா கொள்கிறது? உண்மையில் என்ன நடந்தது? அந்தச் சம்பவங்களில் பெரும்பாலானவை நடந்த நாளில் எவருக்கும் ஐயம் தரவில்லை. இயற்கையான மரணங்களாகவே பதிவாகியிருந்தன. லூசியாமீது ஐயம் எழுந்த பிறகே அவற்றை மீண்டும் எடுத்துப் பார்த்தார்கள். அப்போது, அவர் பணியில் இருந்த நேரத்து மரணத்திற்கு ஒரு கண்ணும், பிறர் நேரத்து மரணத்திற்கு வேறொரு கண்ணும் அமைந்துவிட்டன. சிவப்புச் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிவிட்டு, "எல்லாம் சிவப்பாக இருக்கிறதே!" என்று வியப்பதற்கு இது ஒப்பாகும்.

ஒட்டுறவைக் காரணமாக எண்ணும் பிழையைக் காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். இங்கே கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. பழம் விழுந்த வேளைகளில் காகம் இருந்தவற்றை மட்டுமே குறித்து வைத்தார்கள். சம்பவத்தால் ஐயம் பிறந்தது பாதி. ஐயத்தால் "சம்பவம்" பிறந்தது மீதி.

ஒருவர் நேர்மையாகவே சீட்டு எடுத்திருந்தாலும் ஷிப்டுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. நோய் முற்றிய குழந்தை சில நாட்கள் தொடர்ந்து வார்டில் இருக்கும். ஒரு செவிலியும் அதே நாட்களில் தொடர்ந்து பணிக்கு வருவார். இந்த இரண்டு தொடர்ச்சிகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது, எவரும் எதுவும் செய்யாமலேயே சிவப்புச் சீட்டுகள் கூட்டமாக விழும்.

இதைக் கண்டுகொள்ள வழி உண்டா? உண்டு, அதற்குப் பெரிய கணக்கும் வேண்டாம். ஒரு கொலைகாரர் வார்டில் இருந்தால் மரணங்களின் மொத்த எண்ணிக்கை உயர வேண்டும் அல்லவா? லூசியா அந்த வார்டில் பணியாற்றிய மூன்றாண்டுகளில் அங்கு இறந்தோர் 6 பேர். அதற்கு முந்தைய மூன்றாண்டுகளில், அவர் அங்கு காலெடுத்து வைக்காதபோது, இறந்தோர் 7 பேர்! காகம் வருமுன்னும் மரத்திலிருந்து பழங்கள் விழுந்துகொண்டுதான் இருந்தன.

திசை மாறிய விடை

இனி என் விடைக்கு வருகிறேன். ரிச்சர்ட் கில் முதலிய புள்ளியியலாளர்கள் பிழைகளைத் திருத்திக் கணக்கிட்டபோது, 34 கோடி மறைந்து, ஐம்பதில் ஒன்று, இருபத்தைந்தில் ஒன்று என்ற அளவுக்கு வந்தது. "அப்போதும் 0.02தானே? ஐந்து சதவீதத்திற்கும் கீழே அல்லவா? குற்றவாளிதானே?" என்று என்னைப் போன்றவன் கேட்பான்.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரு நாட்டில் 50,001 செவிலியர் இருக்கிறார்கள். அவர்களுள் ஒரே ஒருவர் கொலைகாரி. அவருடைய பணிப்பதிவில் இந்த ஐயத்திற்குரிய அமைப்பு நிச்சயம் காணப்படும் என்றும் கொள்வோம். மற்ற 50,000 பேரும் குற்றமற்றவர்கள். பி-மதிப்பு 1/50 என்றால், குற்றமற்றவர்களிலேயே 1000 பேருக்குத் தற்செயலாக அதே அமைப்பு வாய்க்கும். ஆக, அந்த அமைப்பு உள்ளவர் மொத்தம் 1001 பேர். அவர்களுள் ஒருவரைப் பிடித்து நிறுத்தினால், அவர் குற்றமற்றவராக இருக்க வாய்ப்பு 1000/1001.

"குற்றமற்றவர் என்றால் இப்படி ஓர் அமைப்புத் தோன்ற வாய்ப்பு எவ்வளவு?" என்பது ஒரு கேள்வி. விடை 1/50. "இப்படி ஓர் அமைப்புத் தோன்றினால் குற்றமற்றவராக இருக்க வாய்ப்பு எவ்வளவு?" என்பது வேறொரு கேள்வி. விடை 1000/1001. பி-மதிப்பு முதற் கேள்விக்கு மட்டுமே விடை. இரண்டாவது கேள்விக்கு விடை காண, கொலைகாரிகள் எவ்வளவு அரியவர் என்ற செய்தியும் வேண்டும். அது பி-மதிப்புக்குள் இல்லை. "மழை பெய்தால் முற்றம் நனையும்" என்பதால், முற்றம் நனைந்திருந்தால் மழை பெய்தது என்று ஆகுமா? அம்மா வாசல் தெளித்திருக்கலாமே!

முடிவு

2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், புள்ளியியலைச் சான்றாகக் கொள்ளவில்லை என்று சொல்லியே, ஏழு கொலைகள் என உயர்த்தி ஆயுள் தண்டனையை நிலைநிறுத்தியது. ஆனால் அதன் மருத்துவச் சான்றுகளும், "இத்தனையும் தற்செயலாக இருக்க முடியாது" என்ற அதே எண்ணத்தின் நிழலில்தான் நின்றன. ஒரு மரணத்தில் நஞ்சு நிரூபணமானதாகக் கொண்டு, மற்றவற்றைக் குறைந்த சான்றோடு அதனுடன் கோத்தார்கள். 2006இல் சிறையிலேயே லூசியா பக்கவாதத்தால் தாக்குண்டார். மருத்துவர் மெட்டா டி நோவும், அவருடைய சகோதரரான பேராசிரியர் டோன் டெர்க்சனும் விடாது போராடியதில் வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது. நஞ்சு என்று நம்பப்பட்டதும் நஞ்சு அன்று எனத் தெரிந்தது. 2010 ஏப்ரல் 14ஆம் நாள் லூசியா முழுமையாக விடுவிக்கப்பட்டார். கொலை செய்தவர் யார் என்பதல்ல, கொலையே நடக்கவில்லை என்பதே இறுதியில் தெளிவாயிற்று.

சிறிய பி-மதிப்பு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. "குலுக்கிய பை என்ற உன் கற்பனை இந்தத் தரவோடு பொருந்தவில்லை; போய்ப் பார்" என்று அது சொல்கிறது. பொருந்தாமைக்குக் காரணம் கொலையாக இருக்கலாம். சீட்டைப் பொறுக்கியதாக இருக்கலாம். ஷிப்டுகள் வேறுபட்டதாக இருக்கலாம். வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். இவற்றுள் எது என்பதை அந்த எண் சொல்லாது.

அந்த இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இன்று நான் எழுதும் விடை இது: "இன்மைக் கருதுகோளும், கணக்கின் மற்ற எடுகோள்களும் உண்மை என்று வைத்துக்கொண்டால், கிடைத்த அளவுக்கோ அதைவிட மிகுதியாகவோ விலகிய தரவு கிடைப்பதற்கான நிகழ்தகவு 0.03." பேராசிரியரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "'வைத்துக்கொண்டால்' என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு போடு" என்றார். போட்டுவிட்டேன்.