நள்ளிரவு தாண்டினால் ஒரு நாள்

தாய்லாந்தில் இறங்கும்போது பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரையில் எந்தத் தேதிவரை தங்கலாம் என்று இருக்கும். அந்தத் தேதிதான் கணக்கு. வந்திறங்கிய நாளும் முதல் நாளாகச் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

முத்திரையில் 10ஆம் தேதி, விமானம் 11ஆம் தேதி அதிகாலை 12.40க்கு என்று வைத்துக்கொள்வோம். 10ஆம் தேதி இரவு பதினொன்றுக்கே குடியேற்றச் சோதனையைக் கடந்துவிட்டால் தவறில்லை. வரிசையில் நிற்கும்போதே மணி பன்னிரண்டு தாண்டினால், சட்டப்படி ஒரு நாள் அதிகம் தங்கியவர் ஆகிவிடுவீர்கள்.

விமான நிறுவனத்தின் கவுன்டரில் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். போய்ச் சேரும் நாடு உங்களை உள்ளே விடுமா என்பதுதான் அவர்கள் கவலை, ஏனென்றால் அங்கே திருப்பி அனுப்பினால் செலவு அவர்கள் தலையில் விழும். ஆகவே போர்டிங் பாஸ் கிடைத்ததை வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

அபராதம் நாளொன்றுக்கு 500 பாட், உச்சவரம்பு 20,000. ஒரே நாள் என்றால் விமான நிலைய அதிகாரி அபராதமில்லாமல் விடுவதும் உண்டு. அது அவர் விருப்பம், நம் உரிமையல்ல. தானாக வந்து ஒப்புக்கொண்டு வெளியேறுபவருக்கு, 90 நாளைத் தாண்டினால்தான் மீண்டும் நுழையத் தடை. நகரத்தில் போலீஸ் சோதனையில் சிக்கினால் கதை வேறு: ஓராண்டுக்குக் குறைவாகத் தங்கியிருந்தாலும் ஐந்தாண்டுத் தடை வரலாம்.

அபராதம் கட்டத் தனி அறைக்கு அனுப்புவார்கள். விமானம் காத்திருக்காது, பாட் நோட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.