உங்களுக்குத் தெரியுமா? ஐந்நூறா, ஆயிரமா, இரண்டாயிரமா?

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனைக்கு வருபவர்களுக்காக ஒரு சிறு பதிப்பாளர் கீர்த்தனைப் புத்தகம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்வரக் குறிப்போடு, டெம்மி அளவில், 160 பக்கம், விலை 180 ரூபாய். எத்தனை பிரதி அடிப்பது? இந்தப் பகுதி முழுக்க அந்த ஒரு கேள்விதான். இங்கே வரும் ரூபாய்த் தொகைகள் கணக்குக்காக நாமே வைத்துக்கொண்டவை. அச்சகத்துக்கு அச்சகம் அவை மாறும், கணக்குப் போடும் முறை மாறாது.

பிரதி கூடினாலும் தாள் செலவு குறைவதில்லை, தெரியுமா?

23க்கு 36 அங்குல டபுள் டெம்மி தாள் ஒன்றில், இரு பக்கமும் அச்சிட்டால், டெம்மி புத்தகத்தின் 32 பக்கங்கள் அடங்கும். 160 பக்கத்துக்கு ஐந்து தாள். ஆயிரம் பிரதிக்கு 5,000 தாள், அதாவது 10 ரீம். கழிவுக்குத் தனியாகக் கொஞ்சம் சேர்க்க வேண்டும். 70 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ என்றால் ஒரு ரீம் சுமார் 18.7 கிலோ. இரண்டாயிரம் பிரதிக்கு இதெல்லாம் அப்படியே இரட்டிப்பாகும். தாள், அச்சுக்கூலி, அட்டை, பைண்டிங் எல்லாம் சேர்த்து ஒரு பிரதிக்கு 45 ரூபாய் என்று வைப்போம். இது எத்தனை அடித்தாலும் ஏறக்குறைய அதே 45தான்.

மாறாத செலவு வேறு. தட்டச்சு, ஸ்வரக் குறிப்பைக் கோத்தல், மெய்ப்புத் திருத்தம், அட்டை வடிவமைப்பு எல்லாம் 14,000. பிளேட் போட்டு மிஷின் ஏற்ற 8,000. ஒரு பிரதி அடித்தாலும் பத்தாயிரம் அடித்தாலும் இந்த 22,000 செலவாகியே தீரும். பிரதி கூடக்கூட ‘அடக்க விலை குறைகிறது’ என்று அச்சகத்தில் சொல்வது இந்த 22,000 பலர் தலையில் பிரிவதைத்தான்.

முதல் ஐந்நூறுக்குப் பிறகு அந்த இறக்கம் எவ்வளவு சீக்கிரம் அடங்கிவிடுகிறது, தெரியுமா?

300 பிரதி அடித்தால் ஒன்று 118 ரூபாய் ஆகிறது. 500 என்றால் 89. ஆயிரம் என்றால் 67. இரண்டாயிரத்தில் 56. மூவாயிரத்தில் 52 ரூபாய் 33 காசு. 500இலிருந்து ஆயிரத்துக்குப் போனால் பிரதிக்கு 22 ரூபாய் இறங்குகிறது. இரண்டாயிரத்திலிருந்து மூவாயிரத்துக்குப் போனால் நாலு ரூபாய்கூட இறங்குவதில்லை. ஆனால் அந்த நாலு ரூபாய்க்காகப் பதிப்பாளர் கையிலிருந்து இன்னும் 45,000 ரூபாய் போகிறது. விலைப்பட்டியலில் முதல் எண் கண்ணில் படுகிறது, இரண்டாம் எண்ணை நாமே பெருக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

விற்காத பிரதியின் விலையையும் விற்ற பிரதிதான் சுமக்கிறது, தெரியுமா?

180 ரூபாய்ப் புத்தகத்தில் கடைக்குக் கமிஷன் 35 சதவீதம் போனால் 117 ரூபாய் வரும். ஆசிரியருக்கு 10 சதவீத ராயல்டி 18 ரூபாய். மீதி 99 ரூபாய்தான் பதிப்பாளருடையது. அடித்ததில் எல்லாம் விற்பனைக்கும் வராது. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு பொது நூலகங்களுக்குத் தலா ஒரு பிரதி அனுப்ப வேண்டும். ஆசிரியர் பிரதி, மதிப்புரைப் பிரதி, மரியாதைக்குக் கொடுப்பது எல்லாம் சேர்த்து 50 என்று ஒதுக்குவோம்.

இனி மூன்று நிலைமைகளைப் பார்ப்போம். முதலாவது, புத்தகம் 700 விற்கிறது. இரண்டாயிரம் அடித்தவருக்கு வரவு 69,300, செலவு 1,12,000. நட்டம் 42,700, வீட்டில் 1,250 பிரதி. அவர் 56 ரூபாய்க்கு அடித்ததாக நினைத்திருப்பார். விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் அவர் உண்மையில் செலவழித்தது 160 ரூபாய். ஆயிரம் அடித்தவருக்கு 2,300 ரூபாய் மிச்சம், 250 பிரதி மீதி. ஐந்நூறு அடித்து, தீரும் தறுவாயில் 250 மறு அச்சு போட்டவருக்கு? மறு அச்சுக்குத் தட்டச்சுச் செலவு கிடையாது. பிளேட்டுக்கு 8,000, பிரதிக்கு 45, ஆக 19,250. மொத்தச் செலவு 63,750. மிச்சம் 5,550, மீதிப் பிரதி ஒன்றும் இல்லை.

இரண்டாவது, 400தான் விற்கிறது. ஆயிரம் அடித்தவருக்கு நட்டம் 27,400. ஐந்நூறு அடித்தவருக்கு 4,900.

மூன்றாவது, 900 விற்கிறது. ஆயிரம் அடித்தவருக்கு 22,100 லாபம். ஐந்நூறு அடித்து 450 மறு அச்சு போட்டவருக்கு 16,350. இங்கே முந்தியவர் ஆயிரக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் நல்ல காலத்தில் 5,750 ரூபாயை விட்டுக்கொடுத்தால் கெட்ட காலத்தில் 22,500 ரூபாய் தப்புகிறது. அடுத்த புத்தகத்துக்கான முதலும் இதே கைப்பணம்தான் என்பவருக்கு ஐந்நூறே சரி என்பது என் முடிவு.

கடைசிப் பிரதியை மட்டும் பார்த்தே முடிவெடுக்கலாம், தெரியுமா?

மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னும் ஒரு பிரதி அடிக்க ஆகும் கூடுதல் செலவு 45. அது விற்றால் 54 ரூபாய் மிச்சம், விற்காவிட்டால் 45 ரூபாய் நட்டம். ஆக, அந்தக் கூடுதல் பிரதி விற்க ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பாவது இருந்தால்தான் அடிக்கலாம். எழுநூறாவது பிரதியை யார் வாங்குவார் என்று உங்களால் ஊகிக்க முடிகிறதா? இசைக் கல்லூரி மாணவரா, பாட்டு வாத்தியாரா, ஆராதனைக்கு வரும் வெளியூர்க்காரரா? பதில் சொல்ல முடிகிற பிரதி வரைக்கும் அடியுங்கள். 22,000 ரூபாய் முன்செலவை இந்தக் கேள்விக்குள் கொண்டுவரக் கூடாது, அது ஏற்கெனவே போய்விட்ட பணம்.

ஆயிரம் பிரதி என்ற வழக்கம் ஈய எழுத்துக் காலத்தது, தெரியுமா?

அந்நாளில் ஒரு ஃபாரம் அச்சானதும் எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்டுவிடுவார்கள், அடுத்த ஃபாரம் கோக்க அதே எழுத்துதான் வேண்டும். இரண்டாம் பதிப்பு என்றால் முதலிலிருந்து கோக்க வேண்டும், மெய்ப்பும் மறுபடி பார்க்க வேண்டும். ஆகவே ஒரே மூச்சில் ஆயிரம், ஆயிரத்து இருநூறு அடித்து வைத்ததில் நியாயம் இருந்தது. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ நூலைத் தஞ்சாவூரில் தம் சொந்த அச்சகத்திலேயே கொண்டுவந்தார். அவ்வளவு பெரிய இசை நூலைக் கோத்துப் பிரித்து மறுபடி கோப்பது எவ்வளவு பாடு என்று அச்சுத்தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும். இன்று கோப்பு கணினியில் இருக்கிறது. அந்தக் காரணம் போய்விட்டது, ஆயிரம் என்ற பழக்கம் மட்டும் பலரிடம் தங்கிவிட்டது.

அச்சிடுவதற்கு முன்பே வாங்குபவர்களை எண்ணிக்கொள்வதும் இந்த வட்டாரத்தின் பழைய வழிதான். கும்பகோணத்தில் இருந்த உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட, முன்கூட்டியே கையொப்பம் சேர்த்தார். இன்றைய முன்வெளியீட்டுத் திட்டம் அதன் வழியில் வந்ததே. முன்பணம் கட்டிய 150 பேர் என்பது, ‘நிச்சயம் போகும்’ என்று நண்பர்கள் சொல்லும் ஆயிரத்தைவிடப் பெரிய எண்.

மிஞ்சிய 1,250 பிரதி கால் டன் எடை, தெரியுமா?

ஒரு பிரதி சுமார் 200 கிராம், ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் தடிமன். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 11 மீட்டர் உயரம் போகும். வாடகைக்கு அறை பிடித்தால் செலவு கண்ணுக்குத் தெரியும். சொந்த வீட்டு மாடியறையில் வைத்தால் தெரியாது, அதனாலேயே அது இலவசம் என்று தோன்றிவிடுகிறது.

ஐந்து ஆறு பாயும் ஊரில் காகிதம் சும்மா இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாள் ஈரம் இழுக்கும். அட்டையின் ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் என்பதால் உட்பக்கம் ஈரம் குடித்து அட்டை வெளிப்புறமாகச் சுருளும். கட்டின் மேல் புத்தகத்தில் அட்டை வளைந்திருந்தால் அதுதான் முதல் அடையாளம். பழுப்புப் புள்ளியும் புழுக்க வாடையும் பிறகு வரும். சுவரை ஒட்டி அடுக்கிய கட்டின் அடியில் மண் கோடு தெரிந்தால் கரையான் உள்ளே போய்விட்டது என்று பொருள். பலகைமேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைப்பது ஓரளவு காக்கும். அப்படியும் மூன்று மழைக்காலம் கண்ட பிரதியைக் கடைக்காரர் புதுப்புத்தகமாக எடுத்துக்கொள்வது அரிது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பதிப்பாளர்கள் பலரின் இருப்பு நனைந்து பாழானதையும் மறக்க முடியாது.

கடைக்கு அனுப்பியது விற்பனை ஆகாது, தெரியுமா?

பெரும்பாலான கடைகள் விற்ற பிறகு பணம் என்ற கணக்கில்தான் எடுக்கின்றன. விற்காதது மூலை மடங்கித் திரும்பி வரும். ‘400 போய்விட்டது’ என்று பார்த்து மறு அச்சுக்குக் கொடுத்தபின் 180 திரும்பி வந்தால் கணக்கு முழுதும் கலைந்துவிடும். பணம் வந்த பிரதியை மட்டும் எண்ணுங்கள். நூலக ஆணையும் அப்படியே. கையில் ஆணை வந்தபின் அதற்கென்று அடிக்கலாம், வரும் என்று நம்பி முன்பே 600 சேர்த்து அடிக்கக் கூடாது. இன்னொன்று: அச்சுப் புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, ஆனால் தாளுக்கு நாம் கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் வழியில்லை. அது அடக்கத்திலேயே சேரும்.

டிஜிட்டல் அச்சு எந்த எண்ணிக்கை வரை லாபம், தெரியுமா?

அதற்குப் பிளேட் வேண்டாம், பிரதி விலை மட்டும் கூடுதல். 90 ரூபாய் என்று வைத்தால், நம் புத்தகத்துக்கு மறு அச்சு சுமார் 178 பிரதிக்குக் கீழே இருக்கும்வரை டிஜிட்டல்தான் மலிவு. அதற்கு மேல் ஆஃப்செட். ஆராதனை புஷ்ய பகுள பஞ்சமியில், பெரும்பாலும் ஜனவரியில் வரும். சென்னைப் புத்தகக் காட்சியும் அதே மாதம்தான். ஆக மார்கழி பிறக்குமுன் இருப்பை எண்ணி, நூறு பிரதி குறைகிறது என்றால் டிஜிட்டலில் நூறு அடித்துக்கொள்ளலாம். சீசன் முடிந்தபின் அடித்தால் அடுத்த மழைக்காலம் முழுக்க அது உங்கள் வீட்டில்தான் இருக்கும்.

அடுத்த முறை அச்சகத்தில் விலை கேட்கும்போது ‘ஆயிரம் அடித்தால் ஒன்று எவ்வளவு’ என்று மட்டும் கேட்காதீர்கள். ஐந்நூறுக்கு மொத்தம் எவ்வளவு, அதற்கு மேல் ஒவ்வொரு நூறுக்கும் எவ்வளவு, ஆறு மாதம் கழித்து 250 மறு அச்சு போட்டால் எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.