தடைப்பட்டியலில் சிக்கிய முகவரி

பண்டார் தெங்காராவில் உள்ள ஒரு சிறு அலுவலகம் சொந்தமாக மின்னஞ்சல் சேவையகம் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஒருநாள் அங்கிருந்து அனுப்பிய மின்னஞ்சல்கள் பல திரும்பி வருகின்றன. அவற்றில் ‘ஸ்பாம்ஹாஸ்’ என்னும் பெயர் காணப்படுகிறது. 1998இல் தொடங்கப்பட்ட இவ்வமைப்பு, குப்பை மின்னஞ்சல் வெளியேறும் முகவரிகளைத் தடைப்பட்டியலில் சேர்க்கிறது. பல சேவையகங்கள் அப்பட்டியலைப் பார்த்தே மின்னஞ்சலை ஏற்கின்றன.

அலுவலகத்தின் ஐபி முகவரி 192.0.2.25 என்க. அதன் நான்கு எண்களையும் பின்னிருந்து முன்னாக எழுதி, பட்டியலின் பெயரைச் சேர்த்துக் கணினியில் இவ்வாறு கேட்கலாம்:

```
nslookup 25.2.0.192.zen.spamhaus.org
```

‘அப்பெயர் இல்லை’ என்னும் பொருளில் பதில் வந்தால் முகவரி பட்டியலில் இல்லை. 127.0.0.4 என வந்தால், அம்முகவரியைப் பயன்படுத்தும் கணினி ஒன்றை நச்சுநிரல் தாக்கியிருக்கலாம். 127.255.255.254 என்பதோ தடையைக் குறிப்பதன்று. பொதுச் சேவை வழியாகக் கேட்டதால் பதில் மறுக்கப்பட்டது என்பதே அதன் பொருள்.

நம் அலுவலகத்திற்குக் கிடைத்த பதில் 127.0.0.4. உடனே நீக்கக் கோருவது பயன் தராது. நச்சுநிரல் இருக்கும்வரை முகவரி மீண்டும் பட்டியலில் சேரும். எனவே, முதலில் பாதிக்கப்பட்ட கணினியைக் கண்டறிந்து தூய்மைப்படுத்த வேண்டும். கடவுச்சொற்களை மாற்ற வேண்டும். சேவையகத்தைத் தவிர வேறு கணினி எதுவும் 25ஆம் வாயில் வழியாக மின்னஞ்சல் அனுப்பாதவாறு தடுக்க வேண்டும்.

பின்னர், check.spamhaus.org பக்கத்தில் முகவரியை உள்ளிட்டு, தவற்றையும் அதைத் திருத்திய முறையையும் விளக்கி நீக்கக் கோரலாம். இதற்குக் கட்டணம் இல்லை. சில நாள்களுக்குப் பிறகு அதே கட்டளையால் மீண்டும் சோதித்தால், சிக்கல் தீர்ந்ததா என்பது தெரிந்துவிடும்.