மூன்று முதலீடும் ஒன்றாகச் சரியுமா? எக்செல்லில் கணக்கிடுவோம்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் என் சித்தப்பா, தன் சேமிப்பில் 40 சதவீதத்தை ஒரு நூல் மில் பங்கிலும், 40 சதவீதத்தை ஒரு பின்னலாடை நிறுவனப் பங்கிலும், மீதி 20 சதவீதத்தைத் தங்கத்திலும் போட்டிருக்கிறார். "மூன்றாகப் பிரித்துவிட்டேன், பயமில்லை" என்றார். உண்மையா என்று எக்செல்லில் பார்த்தோம்.

B2 முதல் B4 வரை பங்களவுகளை 0.4, 0.4, 0.2 என டைப் செய்யுங்கள். C2 முதல் C4 வரை ஒவ்வொன்றின் திட்ட விலக்கம், அதாவது அதன் ஆண்டு வருமானம் சராசரியிலிருந்து எவ்வளவு ஏறி இறங்கும் என்ற அளவு. உதாரணத்துக்கு 0.30, 0.25, 0.15 என்று வைத்துக்கொண்டோம். 30 என்று டைப் செய்துவிடாதீர்கள், விடை தாறுமாறாகிவிடும்.

அடுத்து கோவேரியன்ஸ் அணி. இரண்டு முதலீடுகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்பதை இது சொல்லும். மில்லுக்கும் பின்னலாடைக்கும் உள்ள ஒட்டுறவு 0.6 என்று வைத்து I1 செல்லில் இடுங்கள். தங்கம் தனி வழியில் போகிறது என்று கொள்வோம். E2 முதல் G4 வரை இப்படி நிரப்புங்கள்:

```
E2: =C2*C2     F2: =I1*C2*C3  G2: 0
E3: =F2        F3: =C3*C3     G3: 0
E4: 0          F4: 0          G4: =C4*C4
```

பூஜ்யங்களைக் கட்டாயம் டைப் செய்ய வேண்டும். ஒரு செல் காலியாக இருந்தாலும் `#VALUE!` என்று வரும். இப்போது வேறொரு செல்லில்:

```
=SUMPRODUCT(B2:B4,MMULT(E2:G4,B2:B4))
```

எண்டர் தட்டினால் 0.0397 வரும். இதுதான் வேரியன்ஸ். `SQRT` போட்டால் சுமார் 0.199, அதாவது 19.9 சதவீத ஏற்ற இறக்கம். I1-ல் 0 போட்டுப் பாருங்கள்: 15.9 சதவீதம்தான். மில்லும் பனியனும் கைகோத்து நடப்பதால் வந்த கூடுதல் 4 சதவீதம் இது. கையால் கணக்கிடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுவார்கள். F2, E3 இரண்டிலும் அதே மதிப்பு இருப்பதால், அதை இரண்டு முறை கூட்ட வேண்டும். ஒரு முறை மட்டும் கூட்டினால் 18 சதவீதம் என்று வந்து ஆறுதல் தரும்.

"நூல் விலை ஏறினால் மில்லுக்கு லாபம், எங்களுக்கு நஷ்டமாச்சே?" என்றார் சித்தப்பா. நியாயமான கேள்வி. 2022 மே மாதம் நூல் விலை உயர்வைக் கண்டித்து திருப்பூரில் வேலைநிறுத்தமே நடந்தது. அந்த மாதிரிக் காலத்துக்கு I1-ல் -0.3 என்று இட்டால் ஏற்ற இறக்கம் 13.5 சதவீதமாகக் குறைகிறது. ஆனால் 2011 ஜனவரியில், நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப் பட்டறைகள் மூடப்பட்டதை நினைத்துப் பாருங்கள். சாயம் ஏற வழியில்லை என்றால் பனியன் தைக்க முடியாது. பனியன்காரர் நூல் வாங்காவிட்டால் மில்லும் படுக்கும். அப்போது 0.9 இட்டுப் பார்க்க வேண்டும்: 21.7 சதவீதம்.

இன்னொன்று, அவருடைய சம்பளமும் பனியனிலிருந்துதான் வருகிறது. அதற்கு இந்த ஷீட்டில் செல் இல்லை.