ஒரே ஒரு ரிங்... அப்புறம் ஓடும் மீட்டர்!

மிஸ்டு கால் கொடுத்தே குடும்பம் நடத்திய ஊர் நம்முடையது. "பஸ் ஏறிட்டேன்", "வாசலில் நிற்கிறேன்", "என்கிட்ட காசு இல்லை, நீயே கூப்பிடு" என்று எத்தனையோ செய்திகளை அது ஒரு பைசா செலவில்லாமல் சுமந்திருக்கிறது. பின்னாளில் வங்கிக் கணக்கில் இருப்பு பார்ப்பதற்கும், கட்சியில் உறுப்பினராகச் சேர்வதற்கும்கூட மிஸ்டு கால் போதும் என்றானது. அதனால் தவறிய அழைப்பைப் பார்த்தால் கை தானாகத் திருப்பிக் கூப்பிடப் போகிறது. இந்தப் பழக்கத்தை நம்பித்தான் ஒரு மோசடி நடக்கிறது. தொலைபேசித் துறையில் அதற்கு 'வான்கிரி' என்று பெயர். ஜப்பானிலிருந்து கிளம்பியதால் ஜப்பானியப் பெயரே நிலைத்துவிட்டது.

பணம் எப்படிக் கைமாறுகிறது?

நாம் வெளிநாட்டுக்குப் பேசும்போது நம் நிறுவனம் வசூலிக்கும் பணம் முழுவதும் அதனிடமே தங்குவதில்லை. அழைப்பைக் கடல் தாண்டிக் கொண்டுபோகும் இடைநிலை நிறுவனங்களுக்கு ஒரு பங்கு, அந்த அழைப்பை வாங்கிக்கொள்ளும் நாட்டின் நிறுவனத்துக்கு ஒரு பங்கு என்று பிரிந்து போகிறது. சில நாடுகளில் அழைப்பை வாங்கிக்கொள்வதற்கான கட்டணம் மிக அதிகம். அங்குள்ள எண்களைத் தொகுப்பாக வாடகைக்கு விடும் தரகர்கள் இருக்கிறார்கள். "இந்த எண்களுக்கு எத்தனை நிமிடம் அழைப்பு வருகிறதோ, அத்தனைக்கும் உங்களுக்குப் பங்கு" என்பதுதான் ஒப்பந்தம். சேவைக்கென்று இருக்கும் எண்களில் இது நேர்மையான வியாபாரமாகவும் நடக்கிறது. மோசடிக்காரர் செய்வதெல்லாம் அந்த எண்ணுக்கு ஆட்களை வரவழைப்பதுதான்.

எடுக்கப்படாத அழைப்புக்குக் கட்டணம் கிடையாது. ஆகவே கணினி மூலம் ஆயிரக்கணக்கான எண்களுக்கு வரிசையாக ஒரு ரிங் விட்டுத் துண்டித்தால், அவருக்குச் செலவு அநேகமாக இல்லை. நாம் போனை எடுத்துவிட்டால்தான் அவருக்கு நஷ்டம். அதனால்தான் கை நீட்டுவதற்குள் மணி நின்றுவிடுகிறது. நூற்றில் ஒருவர் திருப்பிக் கூப்பிட்டால்கூட அவருக்கு லாபம்.

இரவு 2.40 மணிக்கு ஒரு ரிங்

கும்பகோணத்தில் ஒரு பெரியவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மகனுக்கு சவூதியில் வேலை. இரவு 2.40 மணிக்கு ஒரு ரிங் அடித்து நிற்கிறது. திரையில் +216 என்று தொடங்கும் எண். மகனுடைய எண் +966 என்று தொடங்கும். அது அவருக்கும் தெரியும். ஆனால் இந்த நேரத்தில் பிளஸ் போட்ட எண் என்றால், மகன் யாருடைய போனிலிருந்தோ கூப்பிடுகிறானோ என்றுதான் மனம் பதறும். +216 துனிசியாவின் குறியீடு என்பதை நினைத்துப் பார்க்க அது நேரமில்லை. உடனே கூப்பிடுகிறார்.

மறுமுனையில் ரிங் போவது கேட்கிறது. யாரும் எடுக்கவில்லை. எடுப்பார்கள் என்று காத்திருக்கிறார். உண்மையில் முதல் சில நொடிகளிலேயே ஒரு கணினி அந்த அழைப்பை எடுத்துவிட்டது. அவர் கேட்பது ஏற்கெனவே பதிவு செய்து வைத்த ரிங் ஓசை. சில எண்களில் இசை ஓடும், சிலவற்றில் கொரகொரவென்று இரைச்சல், சிலவற்றில் "ஹலோ, ஹலோ, கேட்கலையா?" என்பது போன்ற குரல். எதுவானாலும் நோக்கம் ஒன்றுதான்: ஆளை லைனில் நிறுத்தி வைப்பது.

கணக்குக்காகக் கட்டணம் நிமிடத்துக்கு 100 ரூபாய் என்று கொள்வோம். பல திட்டங்களில் வெளிநாட்டு அழைப்புக்கு முழு நிமிடமாகவே காசு எடுப்பார்கள். ஐந்து நொடி பேசினாலும் ஒரு நிமிடக் காசு. பெரியவரின் ப்ரீபெய்டு மெயின் பேலன்ஸ் 250 ரூபாய் என்றால், இரண்டு நிமிடத்தில் 200 போய்விடும். மூன்றாவது நிமிடத்துக்குக் காசு போதாமல் அழைப்பு அறுந்துவிடும். அவரே போஸ்ட்பெய்டு வாடிக்கையாளராக இருந்து 2 நிமிடம் 10 நொடி காத்திருந்தால், மூன்று நிமிடக் கணக்கில் 300 ரூபாய்; 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 354. அங்கே அறுத்துவிட இருப்பு என்ற எல்லையும் இல்லை.

திரையைப் பார்த்தாலே தெரியும்

பெரியவர் போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்திருந்தால் ஒன்று புலப்பட்டிருக்கும். யாரும் எடுக்காதவரை திரையில் நொடிக் கணக்கு தொடங்காது. மறுமுனையில் எடுத்ததாக நெட்வொர்க்குக்குத் தகவல் வந்த பிறகே 00:01, 00:02 என்று ஓடும். கட்டணமும் அப்போதுதான் தொடங்குகிறது. காதில் ரிங், கண்ணில் ஓடும் நொடி: இரண்டும் ஒன்றாக நடந்தால் மோசடி என்று வைத்துக்கொண்டு அந்தக் கணமே துண்டியுங்கள்.

கூப்பிடும் முன்பே கண்டுபிடிக்க, எண்ணின் தொடக்கத்தைப் பாருங்கள். +91 என்றால் இந்தியா. வேறு எந்தப் பிளஸ் எண்ணும் வெளிநாடு. 0, + என்ற வித்தியாசத்தைத் தவறவிட்டால் உள்ளூர் எண் என்றே தோன்றும். 044 சென்னை, +44 பிரிட்டன். 0421 திருப்பூர், +421 ஸ்லோவாக்கியா. 0423 ஊட்டி, +423 லீக்டன்ஸ்டைன். +1 என்று தொடங்கினாலும் அமெரிக்கா என்று நம்பிவிட முடியாது. +1 876 ஜமைக்கா, +1 473 கிரெனடா. அதே +1 வரிசையில் கரீபியத் தீவுகள் பலவும் இருக்கின்றன. +881, +882 ஆகியவை எந்த நாட்டுக்கும் உரியவை அல்ல. செயற்கைக்கோள் போன் போன்ற பன்னாட்டுச் சேவைகளுக்கானவை. அவற்றுக்குப் பேசும் கட்டணம் மிக அதிகம்.

வெளிநாட்டில் சொந்தக்காரர் இருக்கும் வீட்டில், எண் புதிதாக இருந்தால் அதற்குக் கூப்பிடாமல், அவருடைய பழைய எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டுவிடலாம். அவசரமாகத் தேடுகிறவர் ஒரு ரிங்கோடு நிறுத்தமாட்டார். மறுபடி அடிப்பார், அல்லது செய்தி அனுப்புவார்.

எது பொய், எது வேறு?

"திருப்பிக் கூப்பிட்டால் மூன்று நொடியில் உங்கள் போனில் உள்ள எண்களையும் வங்கி விவரங்களையும் திருடிவிடுவார்கள்" என்று ஒரு செய்தி பல வருடங்களாகச் சுற்றுகிறது. அது பொய். சாதாரண அழைப்பு குரலை மட்டுமே கொண்டுபோகும். போவது பேலன்ஸ்தான்.

வாட்ஸ்அப்பில் வரும் வெளிநாட்டு மிஸ்டு கால் வேறு ரகம். அதே செயலியில் திருப்பிக் கூப்பிட்டால் டேட்டா மட்டுமே செலவு, ஐ.எஸ்.டி. கட்டணம் இல்லை. அங்கே வலை பேச்சில் விரிக்கப்படும்: பகுதி நேர வேலை, முதலீடு என்று.

பூட்டு எங்கே இருக்கிறது?

வெளிநாட்டுக்குப் பேசும் தேவையே இல்லாதவர் வாடிக்கையாளர் சேவையை அழைத்து ஐ.எஸ்.டி. வசதியை நிறுத்தச் சொல்லலாம். போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர்களுக்கு இது மிகவும் அவசியம். அன்லிமிடெட் பேக்கில் பொதுவாக வெளிநாட்டு அழைப்பு அடங்காது. காசு மெயின் பேலன்ஸிலிருந்தே போகும். அதில் அதிகம் போட்டு வைக்காமல் இருப்பதும் ஒரு காப்பு. எண்ணை பிளாக் செய்வதால் பெரிய பலன் இல்லை. நாளை அதே தொகுப்பிலிருந்து வேறு எண் வரும்.

காசு போய்விட்டால் முதலில் உங்கள் நிறுவனத்தின் 198 புகார் எண்ணில் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். ஆனால் அழைத்தது நீங்கள். உங்கள் நிறுவனமும் அடுத்த நிறுவனத்துக்குப் பணம் தரவேண்டியிருக்கும். அதனால் திரும்பக் கிடைப்பது கடினம். சந்தேகமான எண்ணைச் சஞ்சார் சாத்தி தளத்தின் 'சக்‌ஷு' பகுதியில் தெரிவிக்கலாம். பேலன்ஸோடு நிற்காமல் வங்கிக் கணக்கிலிருந்தும் பணம் போயிருந்தால், அது வேறு மோசடி. உடனே 1930-ஐ அழைக்க வேண்டும்.