ஐந்து சென்டிமீட்டர் முளையும் நாற்பது அடிப் பெட்டியும்

தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் போகும் கன்டெய்னர் லாரியை ஒரே வண்டி என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அவை இரண்டு. முன்னால் கேபினும் எஞ்சினும் உள்ள இழுவை லாரி, பின்னால் ட்ரெய்லர். ட்ரெய்லருக்கு முன்சக்கரமே கிடையாது. அதன் முன்பாதி இழுவை லாரியின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பெட்டியும் சரக்கும் சேர்த்து 38 டன் எடையுள்ள அந்த ட்ரெய்லரை லாரியோடு பிணைத்திருப்பது, கழுத்துப் பகுதியில் சுமார் ஐந்து சென்டிமீட்டர் பருமனுள்ள ஓர் எஃகு முளை.

ஓட்டுநர்கள் அதைக் கிங் பின் என்பார்கள். ட்ரெய்லரின் முன்பகுதியில், அடித்தகட்டிலிருந்து கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். நடுவில் கழுத்து ஒடுங்கி, அடியில் விளிம்பு அகன்றிருக்கும். கழுத்தின் விட்டம் 50.8 மில்லிமீட்டர் என்பது உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. அதனால்தான் ஒரு நிறுவனத்தின் லாரி வேறொரு நிறுவனத்தின் ட்ரெய்லரை இழுத்துப்போக முடிகிறது. மிகக் கனமான சரக்குகளுக்கு மட்டும் 90 மில்லிமீட்டர் முளை உண்டு.

முளையை ஏற்கும் மறுபாதி இழுவை லாரியின் சட்டத்தின் மேல், பின்சக்கரங்களுக்கு நடுவே இருக்கிறது. குதிரைலாட வடிவில், ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்தில், கிரீஸ் பூசிய கனத்த எஃகுத் தட்டு. இதுதான் ஃபிஃப்த் வீல். குதிரை வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கை வாக்கில் வைத்த இரும்பு வளையத்தின் வழித்தோன்றல் இது. மோட்டார் வண்டிக்கு இந்த ஏற்பாடு வந்த கதை அமெரிக்காவில் நடந்தது. 1914-ல் டெட்ராய்ட் நகர மரவியாபாரி ஃபிரடெரிக் சிப்லி தன் படகைக் கொண்டுபோக வழி கேட்டார். ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லர், ஃபோர்டு காரின் பின்னால் மாட்டும்படி இரண்டு சக்கர ட்ரெய்லர் ஒன்றைச் செய்துகொடுத்தார். படகு போய்ச் சேர்ந்தது. பிறகு மரம் ஏற்றவும் அதே போன்ற ட்ரெய்லர்களை சிப்லி கேட்டு வாங்கினார்.

தட்டின் பின்விளிம்பில் V வடிவில் ஒரு வாய் திறந்திருக்கும். லாரி பின்னோக்கி வரும்போது முளை அந்த வாய்க்குள் நுழைந்து, உள்ளே காத்திருக்கும் கவ்வியை இடிக்கிறது. இடிபட்ட கவ்வி சுழன்று முளையின் கழுத்தைச் சுற்றிக்கொள்கிறது. உடனே ஸ்பிரிங் இழுத்துவிட, பருத்த எஃகுக் கட்டை ஒன்று தாழ்ப்பாள் போலக் கவ்வியின் பின்னால் குறுக்கே பாய்கிறது. அதன் பிறகு லாரி எவ்வளவு இழுத்தாலும் கவ்வி திறக்காது. இழுவிசை முழுவதும் அந்தக் குறுக்குக் கட்டையில்தான் போய் நிற்கிறது. பக்கவாட்டில் உள்ள கைப்பிடியை இழுத்தால்தான் கட்டை விலகும். முளை அழுத்திக்கொண்டிருக்கும்போது கைப்பிடியும் எளிதில் அசையாது. ஆகவே ட்ரெய்லரைக் கழற்றும் ஓட்டுநர் முதலில் லாரியைச் சற்றே பின்னுக்குத் தள்ளி, அந்த அழுத்தத்தை எடுத்துவிட்டுத்தான் கைப்பிடியைத் தொடுவார்.

பூட்டும் வேலை இதைவிடக் கவனம் கேட்கும். ட்ரெய்லரின் பிரேக் போட்டிருக்க வேண்டும், சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும். லாரியை நேர்கோட்டில் மெதுவாகப் பின்னெடுத்து, ட்ரெய்லரைத் தொடுவதற்கு முன்பே நிறுத்தி, இறங்கிப்போய் உயரம் பார்க்க வேண்டும். ட்ரெய்லரின் அடித்தகடு ஃபிஃப்த் வீலின் மேல்மட்டத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பதே சரியான உயரம். அப்போது தட்டின் சரிந்த பின்விளிம்பு ட்ரெய்லரின் மூக்குக்கு அடியில் புகுந்து, அதைச் சில சென்டிமீட்டர் மேலே தூக்கிக்கொண்டே உள்ளே போகும். பாரம் தட்டில் அழுந்தி உட்கார்ந்த பிறகே முளை கவ்விக்கு வந்து சேரும்.

ட்ரெய்லர் உயரமாக நின்றால் இந்த ஒழுங்கு கெட்டுவிடுகிறது. முன்பு கழற்றிவிட்டுப் போனவர் முட்டுக்கால்களை அளவுக்கு மேல் இறக்கியிருக்கலாம். அல்லது இப்போது வந்திருக்கும் லாரி முந்தையதைவிடத் தாழ்வாக இருக்கலாம். தட்டு ட்ரெய்லரைத் தொடாமலே அடியில் போய்விடும். முளையின் கழுத்து கவ்விக்கு எட்டாமல், அடிவிளிம்பு மட்டும் கவ்வியின் மேல் ஏறி நிற்கும். இதில் பெரிய ஆபத்து என்னவென்றால், சில வேளைகளில் இந்த நிலையிலும் ட்ரெய்லர் லாரியோடு நகரும். சமதளத்தில், மெதுவான ஓட்டத்தில், எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். முதல் வேகத்தடையிலோ திடீர் பிரேக்கிலோ முளை எகிறி வெளியே வந்துவிடும். காற்றுக் குழாய் அறுந்தால் ட்ரெய்லரின் பிரேக்குகள் தாமாகவே பிடித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் அதற்குள் ட்ரெய்லரின் முன்பகுதி சாலையில் விழுந்திருக்கும்.

பூட்டியதும் ட்ரெய்லர் பிரேக்கை விடாமலே லாரியைச் சிறிய கியரில் முன்னால் இழுத்துப் பார்ப்பது எல்லா நாடுகளிலும் உள்ள வழக்கம். அது தேவைதான், ஆனால் அது மட்டும் போதாது. தவறாக மாட்டிய முளையும் அந்த மெல்லிய இழுப்பைச் சில நேரம் தாங்கிவிடுகிறது. ஐயத்தைத் தீர்ப்பது கண்ணும் டார்ச் விளக்கும்தான். ட்ரெய்லரின் தகட்டுக்கும் ஃபிஃப்த் வீலுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது. பின்பக்கமாகக் குனிந்து பார்த்தால் கவ்வி முளையின் கழுத்தைச் சுற்றி மூடியிருக்க வேண்டும். கைப்பிடி முழுவதுமாக உள்ளே போயிருக்க வேண்டும், அதன் பாதுகாப்புக் கொக்கியும் மாட்டியிருக்க வேண்டும். இத்தனையும் பார்த்த பிறகே முட்டுக்கால்களை மேலே ஏற்றலாம். மழையிலும் நள்ளிரவிலும் ஓர் ஓட்டுநர் வண்டிக்கு அடியில் தலையை விடுவது இதற்காகத்தான். அந்த இரண்டு நிமிடத்தை அவருக்குத் தராத எந்த யார்டும் நல்ல யார்டு அல்ல.

பூட்டியாயிற்று. இனி இந்த இணைப்பு அசைய வேண்டும். எந்த அசைவை விடுவது, எதைத் தடுப்பது என்பதில்தான் இதை வடிவமைத்தவர்களின் அறிவு தெரிகிறது. இடம் வலமாகத் திரும்பும்போது முளை கவ்விக்குள் தாராளமாகச் சுழல்கிறது. மேலே ட்ரெய்லரின் தகடு கிரீஸ் மீது வழுக்குகிறது. லாரியும் ட்ரெய்லரும் ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கும் அளவுக்கு இடம் உண்டு. மேம்பாலத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டு தன் இருபுறத் தாங்குமுளைகளில் முன்னும் பின்னும் சாய்கிறது.

மூன்றாவது அசைவு பக்கவாட்டுச் சாய்வு. சாதாரணச் சாலை வண்டிகளில் இதை ஃபிஃப்த் வீல் கிட்டத்தட்ட அனுமதிப்பதே இல்லை. வளைவில் ட்ரெய்லர் ஒருபக்கம் சாயத் தொடங்கினால், அகன்ற தட்டின் வழியாக லாரியையும் சேர்த்துச் சாய்க்க வேண்டியிருக்கிறது. லாரியின் எடை அதற்கு எதிராக நிற்கிறது. பந்து வடிவக் கொக்கியில் மாட்டியிருந்தால் ட்ரெய்லர் தனியாகவே கவிழ்ந்துவிடும். தட்டு ஏன் இவ்வளவு அகலம் என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தட்டு எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதும் கணக்குப் போட்டு முடிவு செய்வது. ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு அச்சுள்ள இழுவை லாரி. அச்சுகளுக்கு இடையே 3.6 மீட்டர். தனியாக நிற்கும்போது முன் அச்சில் 4.9 டன், பின் அச்சில் 2.1 டன். ட்ரெய்லர் தட்டின் மேல் 11 டன் ஏற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். தட்டு பின் அச்சுக்கு நேர் மேலே இருந்தால் 11 டன்னும் அங்கேயே இறங்கி, பின் அச்சில் 13.1 டன் ஆகிவிடும். நான்கு டயர் உள்ள அச்சுக்கு இந்தியாவில் 2018 முதல் உள்ள வரம்பு 11.5 டன்தான். தட்டை 60 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினால் ஆறில் ஒரு பங்கு பாரம், அதாவது சுமார் 1.8 டன், முன் அச்சுக்குப் போய்விடும். இப்போது முன்னால் 6.7, பின்னால் 11.3. இரண்டுமே வரம்புக்குள். ஸ்டியரிங் சக்கரங்களும் சாலையை அழுத்தமாகப் பிடிக்கின்றன.

கிரீஸ் காய்ந்தால் ஓட்டுநரின் கை அதை உடனே உணரும். ஸ்டியரிங் கனக்கும். திருப்பம் முடிந்த பிறகும் லாரி நேராக வர மறுத்து, ஒருபக்கமாகவே இழுக்கும். முளையோ கவ்வியோ தேய்ந்தால் வேறு அறிகுறி: புறப்படும்போதும் பிரேக் போடும்போதும் முதுகில் இடிப்பது போல ஓர் அதிர்ச்சி. 50.8 மில்லிமீட்டர் கழுத்து 49-க்கு வந்துவிட்டால் முளையை மாற்றியே ஆக வேண்டும். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த அந்தத் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. அளவுகோல் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்த மடங்கும் இணைப்பு சாலையில் போகும் மற்றவர்களுக்கும் ஒரு விளைவைத் தருகிறது. திருப்பத்தில் ட்ரெய்லரின் சக்கரங்கள் லாரி போன தடத்தில் போவதில்லை, உட்புறமாகக் குறுக்கே வெட்டிப் போகும். முளை 12 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றும், முளையிலிருந்து ட்ரெய்லர் சக்கரங்கள் 8 மீட்டர் தள்ளி இருக்கின்றன என்றும் கொண்டால், அந்தச் சக்கரங்கள் சுமார் 9 மீட்டர் ஆரத்தில் வந்து நிலைக்கும். மூன்று மீட்டர் உள்ளே! தெருமுனைத் திருப்பத்தில் இந்த அளவு குறையும், ஆனால் ஒரு பைக் நிற்கும் இடத்தை விழுங்க அது போதும். அதனால்தான் இடப்புறம் திரும்ப வேண்டிய கன்டெய்னர் லாரி முதலில் வலப்புறம் விலகுகிறது. லாரி நமக்கு வழி விடுகிறது என்று எண்ணி அந்த இடது இடைவெளிக்குள் பைக்கை நுழைக்காதீர்கள். அடுத்த சில நொடிகளில் ட்ரெய்லரின் சக்கரங்கள் அதே இடத்தின் வழியாகத்தான் வரும்.